செராமிக், டூர்மலின், அயானிக்: கடற்கரை ஊரில் எது முடிக்கு உதவும்?

புதுச்சேரி நேரு வீதியிலோ கடலூர் லாரன்ஸ் ரோட்டிலோ ஒரு மின்சாதனக் கடைக்குப் போய் ஹேர் டிரையரும் ஸ்ட்ரெயிட்னரும் கேட்டுப் பாருங்கள். எடுத்துப் போடும் பெட்டிகளில் செராமிக், டூர்மலின், அயானிக் என்ற மூன்று சொற்கள் மாறி மாறி வரும். மூன்றும் சேர்ந்து வந்தால் விலை நன்றாகவே ஏறியிருக்கும். வாங்க வருபவரின் தேவை இவ்வளவுதான்: தலைக்குக் குளித்து, காயவைத்து, நேராக்கிக்கொண்டு கிளம்பினால் பஸ் ஸ்டாண்டு போய்ச் சேர்வதற்குள் முடி மறுபடி பம்மென்று எழும்பக் கூடாது, கருகவும் கூடாது. அந்தத் தேவைக்கு இந்த மூன்று சொற்களும் நம் ஊரில் பெரிதாக உதவுவதில்லை. பெட்டியின் பின்பக்கம் சிறிய எழுத்தில் இருக்கும் சில விஷயங்கள்தான் உதவுகின்றன. ஏன் என்று புரிந்துகொள்ள, முடி எதனால் எழும்புகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

முடி எழும்ப இரண்டு காரணங்கள் உண்டு. இரண்டுக்கும் சம்பந்தமே கிடையாது. ஒன்று நிலைமின்சாரம். பிளாஸ்டிக் சீப்பால் உலர்ந்த முடியை வாரும்போது உரசலில் முடி நேர்மின்னேற்றம் பெறுகிறது. எல்லா இழைகளும் ஒரே வகை மின்னேற்றம் பெறுவதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு பறக்கும். இது வறண்ட காற்றில்தான் நிலைக்கும். மற்றொன்று ஈரப்பதம். முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அந்தப் புரத இழைகளை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருப்பவற்றில் ஹைட்ரஜன் பிணைப்புகள் பலவீனமானவை. நீர் பட்டால் அவிழும், காய்ந்தால் எந்த வடிவத்தில் இருக்கிறதோ அந்த வடிவத்திலேயே திரும்பக் கட்டிக்கொள்ளும். ஸ்ட்ரெயிட்னர் முடியை நேராக்குவது இந்தப் பிணைப்புகளை வெப்பத்தால் அவிழ்த்து, நேரான நிலையில் மறுபடி கட்டவைப்பதால்தான். நேராக்கிய முடி காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சினால் பிணைப்புகள் திரும்பவும் அவிழ்ந்து, முடி தன் இயல்பான வளைவுக்குப் போய்விடும்.

காற்றின் ஈரத்துக்கு முடி எவ்வளவு துல்லியமாக வளைந்துகொடுக்கும் என்றால், 1783-ல் ஜெனீவாவைச் சேர்ந்த சொசூர் என்ற அறிவியலாளர் மனித முடியை வைத்தே ஈரப்பதமானி செய்து காட்டினார். ஈரம் ஏறினால் முடி சற்று நீளும், இறங்கினால் சுருங்கும். அந்த அசைவை ஒரு முள்ளோடு இணைத்துவிட்டார். முடிக்கற்றை வைத்த ஈரப்பதமானிகள் அதன் பிறகு வானிலை நிலையங்களில் வெகுகாலம் பயன்பட்டன.

இனி அயானிக் என்ற சொல்லுக்கு வருவோம். மூன்றில் இதற்கு மட்டும்தான் பின்னால் உண்மையான ஒரு பொறி இருக்கிறது. டிரையரின் வாய்ப்பக்கம் ஊசி போன்ற ஒரு முனை இருக்கும். அதற்குச் சில ஆயிரம் வோல்ட் எதிர்மின்னழுத்தம் கொடுத்தால், முனையைச் சுற்றியுள்ள காற்றில் எதிர் அயனிகள் உண்டாகும். அவை காற்றோடு போய், நேர்மின்னேற்றம் பெற்ற முடியில் படிந்து அதைச் சமன்செய்யும். அதாவது இது நிலைமின்சாரத்துக்கான மருந்து. நீர்த்துளிகளைச் சிதறடித்து முடியை வேகமாகக் காயவைக்கும், முடிக்குள் ஈரத்தை ஏற்றும் என்றெல்லாம் பெட்டியில் சேர்த்து எழுதுகிறார்கள். ஒரே கருவி நீரை வெளியேற்றுகிறது, நீரை உள்ளேயும் ஏற்றுகிறது என்ற இரண்டு கூற்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தாலே அது நிற்காது என்று தெரிந்துவிடும்.

டெல்லியின் குளிர்காலத்திலும், ஹீட்டர் ஓடும் ஐரோப்பிய வீடுகளிலும் காற்று வறண்டு கிடக்கும். அங்கே நிலைமின்சாரம் உண்மையான தொல்லை. கடலூரிலும் புதுச்சேரியிலும் காலைக் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தொடுவது சாதாரணம். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதையும் தாண்டும். ஈரம் ஏறிய முடி மின்சாரத்தைக் கசியவிடும், அதனால் மின்னேற்றம் தங்காது. ஆக, நம் ஊரில் முடி எழும்புவது பெரும்பாலும் இரண்டாவது காரணத்தால். அதற்கு அயனியால் ஒன்றும் செய்ய முடியாது.

முத்தியால்பேட்டையில் அழகு நிலையம் நடத்தும் ஓர் அக்காவிடம் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது அவர் சொன்னது: “ஏசி ரூமுக்குள்ள அயனி சுவிட்சப் போட்டா முடி அடங்குற மாதிரி தெரியுது தம்பி. வாசப்படி தாண்டி ரெண்டு தெரு போனா பழையபடி ஆயிடுது.” அவர் பார்த்தது சரிதான். ஏசி அறையின் காற்றில் ஈரம் குறைவு. அங்கே சீப்பு உரசி எழுந்த முடியை அயனி அடக்கியிருக்கும். தெருவில் எழுப்பியது கடல்காற்றின் ஈரம்.

அயனி சுவிட்ச் தனியாக உள்ள டிரையர் வீட்டில் இருந்தால் நீங்களே சோதிக்கலாம். ஏசி அரைமணி நேரம் ஓடிய அறையில், எண்ணெய் இல்லாமல் நன்றாகக் காய்ந்த முடியைப் பிளாஸ்டிக் சீப்பால் வேகமாக வாரிப் பறக்கவிடுங்கள். குளிர்காற்றில் வைத்து, முதலில் அயனி இல்லாமலும் பிறகு அயனியோடும் சில நொடி ஊதுங்கள். அயனி போட்டதும் இழைகள் சட்டென்று படிந்தால் பொறி வேலை செய்கிறது. இரண்டுக்கும் வித்தியாசமே இல்லையென்றால் ஊசிமுனை இல்லை, அல்லது தூசி படிந்து செத்துவிட்டது. சோதனையைச் சீப்பில் செய்ய வேண்டாம். முடியில் உரசிய சீப்பு பெரும்பாலும் எதிர்மின்னேற்றம் பெற்றிருக்கும், எதிர் அயனி அதை ஒன்றும் செய்யாது.

ஊசிமுனை வைக்காமலேயே அயானிக் என்று அச்சடிப்பதும் உண்டு. அங்கேதான் டூர்மலின் வருகிறது. இது போரான் கலந்த சிலிக்கேட் கனிமம். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சுக்காரர்கள் இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்குக் கொண்டுபோன கற்களில் ஒன்று. சூடாக்கினால் இந்தக் கல் அடுப்புச் சாம்பலைத் தன்பக்கம் இழுத்தது. 1756-ல் ஏபினஸ் என்பவர் அது மின்விளைவு என்று காட்டினார். 1880-ல் பியர் கியூரியும் அவர் அண்ணன் ஜாக்கும் அழுத்தத்தால் மின்னேற்றம் தோன்றுவதைக் கண்டறிந்த படிகங்களிலும் டூர்மலின் உண்டு. பெருமை எல்லாம் உண்மை. ஆனால் வெப்பத்தால் வரும் அந்த மின்னேற்றம், வெப்பநிலை மாறிக்கொண்டிருக்கும்போது மட்டும்தான் தோன்றும். ஸ்ட்ரெயிட்னர் 180 டிகிரியில் நிலையாக நின்றுவிட்டால் அது சமனாகி மறைந்துவிடும். அதோடு, சாம்பலை இழுத்தது முழுப் படிகம். தகட்டில் இருப்பது பூச்சில் கலந்த பொடி. பொடியின் துகள்கள் ஆளுக்கொரு திசையில் கிடப்பதால் ஒன்றின் மின்னேற்றத்தை மற்றொன்று அடித்துவிடும். காற்றில் அயனியை உண்டாக்க ஊசிமுனையில் ஆயிரக்கணக்கான வோல்ட் தேவைப்படும்போது, இந்தப் பொடியிடம் அதை எதிர்பார்க்க முடியாது. டூர்மலினுக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம் என்பேன்.

செராமிக் அப்படித் தள்ளிவிடக்கூடியதல்ல. சிக்கல் என்னவென்றால், அந்த ஒரே சொல் மூன்று வெவ்வேறு பொருள்களைக் குறிக்கிறது. டிரையரில் முன்பக்க வலைக்குப் பூசிய பூச்சாக இருக்கலாம். அது முடிக்கு எதுவும் செய்யாது. வெப்பம் உண்டாக்கும் பாகமே செராமிக்காக இருக்கலாம். சூடு ஏற ஏறத் தன் மின்தடையைத் தானே கூட்டிக்கொண்டு அளவுக்கு மீறாமல் நிற்கும் வகை ஒன்று உண்டு, அது நல்லது. மூன்றாவதாக, ஸ்ட்ரெயிட்னரின் தகட்டின்மேல் பூசிய மெல்லிய படலமாக இருக்கலாம். கடையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை இந்த மூன்றாம் வகை.

செராமிக் தகடு வெப்பத்தைச் சீராகப் பரப்பும் என்பதுதான் வழக்கமான வாசகம். பொருள்களின் வெப்பங்கடத்தும் திறனைப் பார்த்தால் கதை வேறு. தகட்டின் அடியில் இருக்கும் அலுமினியம், மின்சாதனங்களில் சாதாரணமாகப் பயன்படும் அலுமினா செராமிக்கைவிட ஏழெட்டு மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். கூடுதல் விலைக்கு விற்கும் டைட்டானியம் அலுமினாவைவிடவும் சற்றுக் குறைவு. ஆக வெப்பத்தைச் சீராகப் பரப்புவது அடியிலிருக்கும் அலுமினியம். மேல்பூச்சு அவ்வளவு மெல்லியது என்பதால் வெப்பத்தில் அதற்குப் பங்கே கிடையாது. பூச்சு செய்யும் உண்மையான வேலை வழுக்குவது. முடியின் வெளித்தோல் கூரை ஓடுபோல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய செதில்களால் ஆனது. வேரிலிருந்து நுனியை நோக்கி வழவழப்பான பரப்பு இழுபட்டால் செதில் படியும். கீறிய, பூச்சு உரிந்த பரப்பு இழுபட்டால் அது சிக்கிப் பெயரும். எனவே செராமிக் நல்லதுதான், அது முழுசாக இருக்கும்வரை. விரல்நுனியால் ஆறிய தகட்டைத் தடவும்போது ஓரத்தில் சொரசொரப்புத் தட்டினால் அந்த ஸ்ட்ரெயிட்னரின் காலம் முடிந்தது.

அகச்சிவப்புக் கதிர் முடியை உள்ளிருந்து சூடாக்கும் என்ற வாசகமும் செராமிக்கோடு ஒட்டிக்கொண்டு வரும். முடியின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதன் வெளிப்பரப்பில் பட்ட வெப்பம் மையத்தை எட்ட, நொடியில் நூறில் சில பங்கு நேரம் போதும். இவ்வளவு மெல்லிய பொருளில் உள்ளே, வெளியே என்று பிரித்துப் பேசுவதில் அர்த்தமில்லை.

சரி, எதற்குத்தான் காசு கொடுப்பது? டிரையரில் முதலில் பார்க்க வேண்டியது காற்றின் அளவு. ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இடுப்பு வரை அடர்த்தியான முடி, துண்டால் துவட்டிய பிறகும் 80 கிராம் தண்ணீர் மிச்சம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 ஜூல் வேண்டும். மொத்தம் 1,92,000 ஜூல். 1200 வாட் டிரையர் நொடிக்கு 1,200 ஜூல் தருகிறது. அதன் வெப்பம் முழுவதும் முடிக்கே போனால் 160 நொடியில், அதாவது மூன்று நிமிடத்துக்குள் வேலை முடிந்திருக்க வேண்டும். ஆனால் அப்படிப்பட்ட முடி காய பத்து, பதினைந்து நிமிடம் ஆகும். வெப்பத்தின் பெரும்பகுதி முடியைத் தொட்டும் தொடாமலும் அறைக்குள் போய்விடுகிறது. வாட் கூட்டினால் போதும் என்று நினைப்பது இங்கேதான் தவறுகிறது. முடியைச் சுற்றி ஈரம் ஏறி நிற்கும் காற்றைத் தள்ளிவிட்டு, புதுக்காற்றை வேகமாகக் கொண்டுவருவதுதான் வேலையை விரைவாக்கும்.

காற்றின் அளவுதான் சூட்டையும் தீர்மானிக்கிறது. அதே 1200 வாட் டிரையர் நொடிக்கு 20 லிட்டர் காற்றை ஊதினால், 30 டிகிரி அறைக்காற்று ஏறத்தாழ 50 டிகிரி கூடி 80 டிகிரியில் வெளியே வரும். பின்பக்க வலையில் தூசும் உதிர்ந்த முடியும் அடைத்துக்கொண்டு காற்று பாதியானால், வாட் மாறாமலேயே அது 130 டிகிரிக்குப் போகும். டிரையர் திடீரென்று கருகல் வாசனை அடிப்பதும், முன்பக்கம் பார்த்தால் உள்ளே சூடேறும் கம்பிச்சுருள் ஒருபுறம் மட்டும் சிவந்து தெரிவதும், நடுவில் தானாக நின்று சற்று ஆறியதும் திரும்ப ஓடுவதும் இதன் அறிகுறிகள். தானாக நின்றால் சாதனம் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். உள்ளே இருக்கும் வெப்பப் பாதுகாப்பு சுவிட்ச் தன் வேலையைச் செய்கிறது. ஆகவே பின்பக்க வலையைக் கையாலேயே கழற்றித் துடைக்க முடிகிற மாடல், என் பார்வையில் அயனி, டூர்மலின் எல்லாவற்றையும்விட மதிப்புள்ளது. முடியை வாரிக்கொண்டே ஒரே இடத்தில் காற்றைக் குவிக்க உதவும் தட்டையான மூக்கும் அப்படித்தான். பெட்டியிலேயே அது இருக்கிறதா என்று பாருங்கள்.

ஈரக்காற்று அடிக்கும் ஊரில் டிரையர் வேலை செய்யுமா என்று சிலர் கேட்பதுண்டு. செய்யும். 30 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதத்தோடு இருக்கும் காற்றை 60 டிகிரிக்குச் சூடாக்கினால், அதே காற்றின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். மழைநாளில் குளிர்காற்றை மட்டும் வைத்துக் காயவைக்க முயன்றால்தான் வேலை நடக்காது. குளிர்காற்றுப் பொத்தானின் பயன் வேறு: முடி காய்ந்த பிறகு, நேராக இழுத்துப் பிடித்த நிலையில் சில நொடி குளிர்காற்று விட்டால் பிணைப்புகள் அந்த வடிவத்தில் இறுகும்.

தூரமும் முக்கியம். 2011-ல் தென்கொரிய ஆய்வாளர்கள் முடிக்கற்றைகளை 30 முறை கழுவிக் காயவைத்துப் பார்த்தார்கள். டிரையரை 15 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தபோது முடியில் பட்ட சூடு 47 டிகிரி, 5 சென்டிமீட்டரில் 95 டிகிரி. நெருங்க நெருங்க மேல்செதில்களின் சேதம் கூடியது. ஆனால் செதில்களை ஒட்டிவைக்கும் உள்சவ்வில் சேதம் தெரிந்தது, தானாகக் காயவிட்ட முடியில் மட்டும். முடி நெடுநேரம் ஊறி உப்பியே இருப்பதும் நல்லதல்ல என்பது அவர்கள் விளக்கம். இது தலையில் இல்லாத கற்றையில் செய்த ஓர் ஆய்வுதான், அதை மட்டும் வைத்துப் பெரிய தீர்ப்பு சொல்ல முடியாது. என்றாலும் ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஒரே இடத்தில் நிற்காமல் அசைத்துக்கொண்டே இருப்பது பாதுகாப்பான வழி.

வாட் பற்றி இன்னொன்று. நம் வீடுகளின் சாதாரண பாயிண்ட் 6 ஆம்பியருக்கானது. 230 வோல்ட்டில் அது 1,380 வாட். 2000 வாட் டிரையர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். அதை கன்வெர்ட்டர் பிளக் போட்டு சின்ன பாயிண்ட்டில் செருகினால் சாக்கெட் சூடாகிப் பழுப்பேறும், பிறகு உருகும். கடற்கரைப் பக்கம் உப்புக்காற்றில் பிளக் முனைகள் துருவேறி, தொடுகை தளர்ந்து, சூடு இன்னும் கூடும். பவர் பாயிண்ட் இல்லாத அறையில் 1200 வாட்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

ஸ்ட்ரெயிட்னரில் எல்லாவற்றுக்கும் மேலே வெப்பக் கட்டுப்பாடு. ஆன், ஆஃப் மட்டும் உள்ள, எத்தனை டிகிரி என்றே எழுதாத மாடலை வாங்க வேண்டாம். உலர்ந்த முடி 150 டிகிரிக்கு அருகில் நெகிழ்ந்து வடிவம் ஏற்கும். 230 டிகிரிப் பக்கம் கெரட்டினின் படிகக் கட்டமைப்பே உருகத் தொடங்கும், அது திரும்ப வராது. பல மாடல்கள் அந்த 230 வரை போவதைப் பெருமையாக அச்சடிக்கின்றன. ஆரோக்கியமான முடிக்கு 170 முதல் 185 போதும், சாயமோ ப்ளீச்சோ பட்ட முடிக்கு 150. குறைந்த சூட்டில் ஐந்து முறை இழுப்பதைவிட, சரியான சூட்டில் மெல்லிய பகுதியாக எடுத்து ஒரே முறை மெதுவாக இழுப்பது முடிக்கு நல்லது.

ஒரே இழுப்பில் வேலை முடிய இரண்டு தகடும் முழுநீளத்துக்கும் ஒட்ட வேண்டும். கடையிலேயே சோதிக்கலாம். மின்சாரம் இல்லாமல் தகடுகளை மூடி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். நடுவிலோ நுனியிலோ கீற்றாக வெளிச்சம் தெரிந்தால் அந்த இடத்தில் முடி சூடாகாது. பிறகு ஒரு பில் காகிதத்தை நறுக்கி, தகட்டின் நான்கு மூலையிலும் ஒவ்வொன்றாக வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். எல்லா மூலையிலும் ஒரே பிடிப்பு இருக்க வேண்டும். தகட்டை விரலால் அழுத்தினால் அடியில் ஸ்பிரிங் கொடுத்துச் சற்று உள்ளே போகும் மாடல்களில் இது நன்றாக அமையும்.

ஈர முடியில் ஸ்ட்ரெயிட்னர் வைப்பதுதான் இருப்பதிலேயே பெரிய கேடு. முடிக்குள் இருக்கும் நீர் கொதித்து ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் உள்ளேயே குமிழ் விடும். நுண்ணோக்கியில் அந்த முடி ஓட்டை ஓட்டையாகத் தெரியும், அந்த இடத்தில்தான் பிறகு ஒடியும். முத்தியால்பேட்டை அக்கா தன்னிடம் வேலை பழகும் பெண்களுக்கு முதலில் சொல்லிக் கொடுப்பது இதைத்தான்: “உஸ்ஸுன்னு சத்தம் வந்தா உடனே எடுத்துடு. முடி இன்னும் காயல.”

எண்ணெய் வைத்த தலைக்கும் அவர் ஸ்ட்ரெயிட்னர் போடுவதில்லை. தேங்காயெண்ணெய் 175 டிகிரிப் பக்கம் புகையத் தொடங்கும். தகட்டில் ஒட்டிய எண்ணெய் காய்ந்து பழுப்புப் படலமாக இறுகி, பூச்சின் வழுவழுப்பைக் கெடுத்துவிடும். அதைச் சுரண்டினால் பூச்சும் சேர்ந்து போகும். ஆறிய தகட்டை ஸ்பிரிட் தொட்ட துணியால் அவ்வப்போது துடைத்தாலே போதும். ஈரத்தைத் தடுக்க விரும்பினால் ஷாம்பு போட்டு அலசிக் காயவைத்து, நேராக்கி முடித்து, முடி முழுக்க ஆறிய பிறகு இரண்டு மூன்று துளி சிலிக்கோன் சீரத்தை உள்ளங்கையில் தேய்த்து மேலாகத் தடவலாம். காற்றின் ஈரம் உள்ளே போவதை அது முழுசாக நிறுத்தாது, தாமதப்படுத்தும். கார்த்திகை மழையில் அந்தத் தாமதமும் குறைவாகவே இருக்கும்.